பாதம் தொங்கினால் அடிபட்டது எந்த நரம்பு? இடுப்பிலா, முழங்காலிலா?

கேள்வி: இடுப்பு மூட்டு பின்பக்கமாக நழுவியவருக்கும், முழங்காலுக்கு வெளிப்புறம் அடிபட்டவருக்கும் பாதம் தொங்குகிறது, பாதத்தின் மேல்புறம் மரத்துப்போகிறது. வினாத்தாளில் முதலாமவருக்கு விடை சியாட்டிக், இரண்டாமவருக்குக் காமன் பெரோனியல். அறிகுறி ஒன்றுதானே, எதை வைத்துப் பிரிப்பது?

பதில்:

பாதம் தொங்குவதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கு ஆணை வரும் வழி முதுகெலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வரை நீள்கிறது. அதில் எங்கே அறுபட்டாலும் பாதம் தொங்கத்தான் செய்யும். ஆகவே வேலை செய்யாத தசையைப் பார்த்ததோடு நிறுத்தாமல், அதே வழியில் வேறு எவையெல்லாம் இன்னும் நன்றாக இருக்கின்றன என்று தேட வேண்டும்.

சியாட்டிக் நரம்பு வெளியில் ஒன்றாகத் தெரிந்தாலும், ஒரே உறைக்குள் செல்லும் இரண்டு நரம்புகள் அது. உட்புறம் இருப்பது டிபியல் பகுதி, வெளிப்புறம் இருப்பது பெரோனியல் பகுதி. பெரும்பாலானோருக்கு முழங்காலுக்குச் சற்று மேலே இவை பிரிகின்றன. பிரிந்த பின் காமன் பெரோனியல் எனப்படும் பெரோனியல் நரம்பு, கீழ்க்காலின் வெளிப்புற எலும்பான ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றி, தோலுக்கு மிக அருகில் முன்புறம் வருகிறது. பாதத்தை மேலே தூக்குவதும் வெளிப்பக்கம் திருப்புவதும் பெரோனியலின் வேலை. கீழே அழுத்துவதும் உட்பக்கம் திருப்புவதும் பெரும்பாலும் டிபியலின் வேலை. உள்ளங்கால் உணர்ச்சியும் குதிகால் அனிச்சையும் அதையே சார்ந்தவை. எனவே பாதம் தொங்குவதோடு குதிகால் அனிச்சையும் போய், உள்ளங்காலும் மரத்து, முழங்காலை மடக்கும் வலுவும் குறைந்திருந்தால், சேதம் தொடையிலோ அதற்கு மேலேயோ சியாட்டிக் நரம்பில்தான் என்று தயங்காமல் சொல்லலாம். அப்போதும் கணுக்காலுக்கு மேலே காலின் உட்புறத் தோலில் உணர்ச்சி இருக்கும். அது தொடையின் முன்புறம் வரும் ஃபீமொரல் நரம்பின் கிளை.

இதுவரை எளிது. உங்களைக் குழப்புவது அடுத்த நிலை, தேர்வில் கேட்கப்படுவதும் பெரும்பாலும் அதுதான். கார் மோதலில் முன்னிருக்கையில் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். முழங்கால் டேஷ்போர்டில் இடித்ததால் தொடை எலும்பின் தலை குழியிலிருந்து பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது; கால் குறுகி, உள்நோக்கித் திரும்பிக் கிடக்கிறது. பாதம் தூக்க வரவில்லை, பாதத்தின் மேல்புறம் மரத்திருக்கிறது. ஆனால் உள்ளங்கால் உணர்ச்சியும் குதிகால் அனிச்சையும் அப்படியே இருக்கின்றன. இவை முழுக்கப் பெரோனியல் அறிகுறிகள். போதாக்குறைக்கு முழங்காலிலும் சிராய்ப்பு இருக்கிறது. பார்த்தவுடன் காமன் பெரோனியல் என்று எழுதத் தோன்றும்.

இங்கே சரியான விடை சியாட்டிக், குறிப்பாக அதன் பெரோனியல் பகுதி. இடுப்பு நழுவும்போது சியாட்டிக் நரம்பு இழுபட்டால் பெரோனியல் பகுதியே முதலில் பாதிக்கப்படுகிறது. அது இடுப்பெலும்பின் பெரிய பள்ளத்திலும் ஃபிபுலா கழுத்திலுமாக இரு முனையிலும் கட்டப்பட்டிருப்பதால் இழுவைக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை. அதன் நார்க்கட்டுகள் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை. அவற்றைத் தாங்கும் மென்திசுவும் குறைவு. டிபியல் பகுதிக்கு அந்த மெத்தை நிறைய உண்டு. அதனால் இடுப்பில் நேர்ந்த சேதம் முழங்காலில் நேர்ந்ததைப் போலவே வேடம் போடுகிறது.

அந்த வேடத்தைக் கலைக்க இரண்டு தடயங்கள் உண்டு. முதலாவது, கெண்டைக்காலின் மேல் வெளிப்புறத் தோல். அதற்குச் செல்லும் கிளை ஃபிபுலா கழுத்தை அடைவதற்கு முன்பே பிரிந்துவிடுகிறது. ஆகவே அங்கும் மரத்திருந்தால் சேதம் கழுத்துக்கு மேலே என்று சந்தேகிக்கலாம். இரண்டாவது, தொடையின் பின்புறத்தில் உள்ள பைசெப்ஸ் ஃபெமொரிஸ் தசையின் குறுந்தலை. தொடையில் பெரோனியல் பகுதி இயக்கும் ஒரே தசை அதுதான். முழங்காலை மடக்கும் மற்றத் தசைகள் வலுவாக இருப்பதால் கையால் சோதித்து இதன் பலவீனத்தைக் கண்டுபிடிப்பது கடினம். ஊசி மின்தசைப் பதிவில்தான் தெரியும். அங்கே நரம்பிழப்பின் அடையாளம் இருந்தால் சேதம் முழங்காலில் இல்லை, தொடையிலோ இடுப்பிலோதான்.

ஆனால் அந்தச் சோதனையை மறுநாளே செய்து பயனில்லை. நரம்பு முற்றிலும் அறுந்திருந்தாலும், அறுந்த இடத்துக்குக் கீழே தூண்டினால் முதல் சில நாட்கள் இயல்பான பதில் கிடைத்துக்கொண்டே இருக்கும். தசையில் நரம்பிழப்பின் மின்னலைகள் தெளிவாகத் தெரிய ஏறக்குறைய 3 வாரம் ஆகும். விதிவிலக்கு ஃபிபுலா கழுத்து: அதற்கு மேலும் கீழும் தூண்டிப் பார்த்து, கீழே பதில் வந்து மேலே வராவிட்டால், தடை அந்த இடத்தில்தான் என்பதைத் தொடக்கத்திலேயே அறியலாம். முதல் நாளில் அவசியமானது வேறு: மூட்டை இடத்தில் பொருத்துவதற்கு முன்பும் பின்பும் பாத அசைவையும் உணர்ச்சியையும் சோதித்து எழுதி வைப்பது. முன்பு தூக்க முடிந்த பாதம் பொருத்திய பிறகு தூக்க முடியாமல் போனால், நரம்பு மூட்டுக்குள்ளோ எலும்புத் துண்டுகளுக்கிடையிலோ சிக்கியிருக்கலாம். அதைக் காத்திருந்து பார்க்கக் கூடாது.

சோதனை முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இதில் சறுக்கும் மாணவர்கள் நிறையப் பேர். தொங்கும் பாதத்தை அப்படியே விட்டுவிட்டு உட்பக்கம் திருப்பச் சொன்னால், டிபியல் நரம்பு நன்றாக இருந்தும் அசைவு பலவீனமாகத் தோன்றும். கணுக்காலை உங்கள் கையால் நேர்க்கோணத்துக்குக் கொண்டுவந்து தாங்கிக்கொண்டு, பிறகு திருப்பச் சொல்லுங்கள். அப்போதும் உட்பக்கம் திரும்பாவிட்டால், டிபியல் பகுதியும் சேர்ந்திருக்கிறது அல்லது கோளாறு முதுகில் ஐந்தாவது இடுப்பு நரம்பு வேரில் இருக்கிறது. வேர்க் கோளாறில் குதிகால் அனிச்சை பொதுவாகக் காப்பாற்றப்படும். இடுப்பைப் பக்கவாட்டில் விரிக்கும் வலுவும் குறையும். இடுப்பு நழுவியவரிடம் வலியால் அந்தக் கடைசிச் சோதனையை நம்ப முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் இரண்டாவது நோயாளியிடம், அதாவது ஃபிபுலா கழுத்தில் அடிபட்டவரிடம், தூக்குவதும் வெளிப்பக்கம் திருப்புவதும் போயிருக்கும். கீழ்க்காலின் முன்வெளிப்புறமும் பாதத்தின் மேல்புறமும் மரத்திருக்கும். உட்பக்கம் திருப்புவது, அனிச்சை, உள்ளங்கால் எல்லாம் நன்றாக இருக்கும். முழங்கால் மூட்டே நழுவியிருந்தால் நரம்பைப் பற்றி யோசிப்பதற்கு முன் முழங்காலின் பின்னால் ஓடும் தமனியைப் பாருங்கள். கால் போவது அதனால்தான். மரத்தது பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலுள்ள சிறு இடம் மட்டும், வெளிப்பக்கம் திருப்புவதும் நன்றாக இருக்கிறது என்றால், பாதிக்கப்பட்டது பெரோனியலின் ஆழ்கிளை. அத்துடன் கீழ்க்காலின் முன்புறம் கல்லாக இறுகி, நீங்கள் விரல்களைக் கீழே மடக்கும்போது நோயாளி வலியால் துடித்தால், அங்கே நரம்பு அறுந்திருக்கவில்லை, தசை உறைக்குள் அழுத்தம் ஏறி நசுங்கிக்கொண்டிருக்கிறது. பாதத்தில் நாடித்துடிப்பு கிடைக்கிறது என்பதால் அதை ஒதுக்கிவிட முடியாது. உறையை உடனே திறந்தாக வேண்டும்.