ஸ்லைடில் பத்தியைக் குறைத்தால் பேச மறந்துவிடுமா?

கேள்வி: சமூக மன்றத்தில் டெங்கித் தடுப்பு பற்றித் தமிழில் பேசப் போகிறேன். என் ஸ்லைடு முழுக்கப் பத்தி பத்தியாக இருக்கிறது. குறைத்தால் பேசும்போது எல்லாம் மறந்துவிடுமோ என்று பயம். எப்படிச் சுருக்குவது?

பதில்: எதையும் அழிக்க வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். பத்தியை அப்படியே வெட்டி, ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் நோட்ஸ் பகுதியில் ஒட்டிவிடுங்கள். Presenter View போட்டால் அது உங்கள் மடிக்கணினியில் மட்டும் தெரியும், திரையில் வராது.

அப்புறம்தான் தலைப்பு. உங்கள் பத்தி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "ஏடிஸ் கொசு தேங்கிய நீருள்ள பாத்திரங்களில் முட்டையிடும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகள் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் அவை பல மாதங்கள் சாகாமல் இருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். எனவே பூச்சட்டித் தட்டு, வாளி ஆகியவற்றைத் தேய்த்துக் கழுவ வேண்டும்."

இதற்குப் பலரும் வைக்கும் தலைப்பு "ஏடிஸ் கொசுவின் முட்டைகள்". அது வெறும் பெயர்ப்பலகை, எதையும் சொல்லவில்லை. வந்திருக்கும் அக்கா "சரி தம்பி, நான் என்ன செய்யணும்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதுதான் தலைப்பு: "தண்ணீரைக் கொட்டினால் போதாது, தட்டின் ஓரத்தையும் தேய்க்க வேண்டும்." வினைச்சொல்லோடு முடியும் முழு வாக்கியம் இது. "இல்லையே, கொட்டினாலே போதுமே" என்று ஒருவர் மறுக்கவும் முடியும். மறுக்கவே முடியாத தலைப்பு பெரும்பாலும் எதையும் சொல்லாத தலைப்புதான்.

கீழே புள்ளி வைத்த பட்டியல் வேண்டாம். பூச்சட்டித் தட்டின் படம் ஒன்று, முட்டை ஒட்டும் இடத்தைக் காட்டும் ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதை நீங்கள் வாயால் சொல்லுங்கள். திரையில் இருக்கும் அதே வரிகளை நீங்களும் வாசித்தால், கூட்டம் உங்களை முந்திப் படித்து முடித்துவிட்டு, நீங்கள் முடிக்கும்வரை காத்திருக்கும்.

தமிழில் சொற்கள் நீளமானவை. அதனால் தலைப்பை இரண்டு வரிக்குள் நிறுத்துங்கள், எழுத்தளவு 32 இருக்கட்டும். இடம் போதவில்லை என்று 20க்குக் குறைக்கத் தோன்றினால், ஒரே ஸ்லைடில் இரண்டு கருத்துகள் இருக்கின்றன என்று அர்த்தம். இரண்டாகப் பிரித்துவிடுங்கள். துணி காயப்போடும் மூங்கில் கழியைச் செருகும் குழாயை மூடி வைப்பது தனி ஸ்லைடு, பூச்சட்டித் தட்டு தனி ஸ்லைடு. ஸ்லைடுகளின் எண்ணிக்கை கூடினாலும் பேசும் நேரம் அதிகமாகாது.

எல்லாம் முடிந்ததும் தலைப்புகளை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதி, வீட்டில் யாரிடமாவது கொடுங்கள். அதை மட்டும் படித்துவிட்டு அவர் உங்கள் பேச்சைச் சொல்ல முடிகிறதா பாருங்கள். எங்கே தடுக்கிறாரோ அங்கே ஒரு தலைப்பு இன்னும் பெயர்ப்பலகையாகவே நிற்கிறது.

கூட்டத்துக்கு வராதவர்களுக்கும் அனுப்ப வேண்டுமென்றால் ஸ்லைடை அனுப்பாதீர்கள். நோட்ஸ் பக்கங்களைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், உங்கள் பத்திகள் அதில் அப்படியே இருக்கும்.