அதிகாரம்–ஆர்வம் கட்டம்: விவசாயிகளை எங்கே வைப்பது?

"சாயப்பட்டறை விரிவாக்கம். இதில் தொடர்புள்ள எல்லோரையும் அதிகாரம் எவ்வளவு, ஆர்வம் எவ்வளவு என்று பார்த்து நான்கு கட்டங்களில் பிரிக்கிறேன். ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகளை 'ஆர்வம் அதிகம், அதிகாரம் குறைவு' கட்டத்தில் போட்டிருக்கிறேன். சரியா?"

இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கும் 'ஆர்வமும் அதிகம், அதிகாரமும் அதிகம்' கட்டத்துக்கே அவர்களையும் மாற்றுங்கள். 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதே, அது நொய்யல் பாசன விவசாயிகள் நடத்திய வழக்கில்தான்.

பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அதிகாரம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் 'இவர் யாரிடம் போனால் வாரியம் நமக்குத் தரும் இசைவாணை நின்றுபோகும்?' என்று எழுதிப் பாருங்கள். கலெக்டர், பசுமைத் தீர்ப்பாயம் என்று பதில் வந்தால் அதிகாரம் அதிகம்.

இன்னொன்று, விவசாயிகளை ஒரே புள்ளியாக வைக்காதீர்கள். கிணற்றில் உப்பு ஏறியவரும் உங்களுக்கு லாரித் தண்ணீர் விற்பவரும் ஒரே பக்கம் நிற்க மாட்டார்கள்.