நிலுவை கேட்டு எழுதும் மூன்று கடிதங்கள்

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி தயாரிக்கிறேன். விருதுநகர் வாடிக்கையாளர் ஒருவர் 30 நாள் கடனில் ஜூன் 4 அன்று எடுத்த சரக்குக்கு ₹1,80,000 தரவேண்டும். ஜூலை 4 தாண்டிவிட்டது. தொலைபேசியில் கேட்டால் 'அடுத்த வாரம்' என்கிறார். உறவு கெடாமல் எழுத்தில் எப்படிக் கேட்பது?

பதில்: பேச்சில் அவரை அண்ணாச்சி என்றே அழையுங்கள், கடிதத்தில் 'மதிப்பிற்குரிய ஐயா' போதும். முதல் கடிதம் ஜூலை 8 அளவில் போகட்டும்: "ஜூன் 4 அன்று தாங்கள் பெற்ற சரக்குக்கான ₹1,80,000 எங்கள் பேரேட்டில் நிலுவையாக உள்ளது. தங்கள் கணக்கிலும் இதே தொகை உள்ளதா எனச் சரிபார்த்து, பணம் அனுப்பும் தேதியைத் தெரிவிக்கக் கோருகிறேன்."

இதில் கண்டிப்பு ஏதும் இல்லை என்றாலும், மூன்றிலும் மதிப்புமிக்கது இதுவே என்பேன். பெட்டியின் தரத்திலோ எண்ணிக்கையிலோ அவருக்குக் குறை இருந்தால் இப்போதே வெளிவந்துவிடும். அதோடு, பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையொப்பமிட்டுத் தரும் பதில், வழக்குத் தொடர்வதற்கான மூன்றாண்டு காலவரம்பை அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கி வைக்கும்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து அடுத்தது: "ஜூலை 31க்குள் முழுத்தொகையை அனுப்ப வேண்டுகிறேன். இயலாவிட்டால் தவணைத் தேதிகளை எழுத்தில் தாருங்கள். அதுவரை புதிய சரக்கை முன்பணம் பெற்றே அனுப்ப முடியும்." சட்டத்தை இங்கே இழுக்க வேண்டாம், தொடர்ந்து உங்களிடம் பெட்டி வாங்குபவருக்குக் கடன் நின்றுபோவதே போதுமான அழுத்தம்.

ஆகஸ்ட் முதல் வாரத்திலும் பணம் வராவிட்டால் மூன்றாவது கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்புங்கள்: "2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, தாமதமான தொகைக்கு வட்டி சேர்கிறது. ஆகஸ்ட் 20க்குள் தொகை வராவிட்டால், அச்சட்டப்படி அமைந்த வசதியாக்கக் குழுவிடம் முறையிட நேரும் என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்."

அந்த வட்டி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு; மாதந்தோறும் அசலோடு சேரும் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18 சதவீதம், அதாவது முதல் மாதத்துக்கு ₹2,700. நீங்கள் எத்தனை நாள் கடன் கொடுத்து ஒப்பந்தம் செய்திருந்தாலும், சட்டம் 45 நாளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. நிலுவைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அந்தக் குழு மதுரையிலேயே இருக்கிறது. இணையத்தின் வழியாக மனு கொடுக்கலாம்.

ஆனால் சரக்கு அனுப்புவதற்கு முன்பே நீங்கள் சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பிறகுதான் பதிந்தீர்கள் என்றால் சட்டத்தைச் சொல்லும் வரிகளை எடுத்துவிட்டு, வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்ப நேரும் என்று மட்டும் எழுதுங்கள்; இல்லாத உரிமையைச் சொல்லி மிரட்டினால், அவருடைய தணிக்கையாளர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். வட்டியை விட்டுக்கொடுக்க மனமிருந்தால், அசல் முழுதும் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு அதைச் சொல்லுங்கள்.