பாராசிட்டமால் ஐ.ஆர்: 1654-இல் வருவது கார்பனைல்தானா?

"லேபில் பாராசிட்டமால் செய்தேன். கார்பனைல் 1700-இல் இல்லை, 1654-இல் வருகிறது. 3326-இல் ஒரு கூரான பீக், அதன் கீழே அகலமான மேடு. எது OH, எது NH?"

1654 கார்பனைல்தான், பயப்படாதீர்கள். அமைடில் நைட்ரஜனின் தனி இணை கார்பனைல் பக்கம் பரவுவதால் C=O பிணைப்பு கொஞ்சம் தளர்ந்து, கீட்டோனுக்கு வரும் 1715-ஐ விட இறங்கிவிடும். 3326-இல் கூராக நிற்பது N-H, அதற்குக் கீழே 3160 பக்கம் அகலமாகச் சரிந்து கிடப்பது ஹைட்ரஜன் பிணைப்பில் மாட்டிய பீனால் O-H. எண்ணை விட வடிவத்தைப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று, 3300-ஐ ஒட்டிக் கூராக எத்தனை முனை என்று பெரிதாக்கி எண்ணுங்கள். NH₂ இருந்தால் சமச்சீர், சமச்சீரற்ற அதிர்வுகளுக்கு இரண்டு முனை வரும், அமைடின் NH-க்கு ஒன்றுதான். இரண்டு தெரிந்து 1654-உம் சிறுத்திருந்தால் பாரா-அமினோபீனால் வினைபுரியாமல் மிச்சம் இருக்கிறது. 1760 பக்கம் பீக் வந்தால் OH-உம் அசிட்டைல் ஆகி எஸ்டர் கலந்திருக்கிறது.

KBr வில்லையில் எடுத்தீர்களா? ஈரம் இருந்தால் 3400-இல் ஒரு மேடு வரும், 1640 பக்கமும் கொஞ்சம் தூக்கும், அதை OH என்று எழுதிவிடாதீர்கள். KBr-ஐ 110 டிகிரியில் உலர்த்தி, வெறும் வில்லையையும் ஒருமுறை ஓட்டி ஒப்பிடுங்கள்.