உடைந்த பார்சலுக்கு இழப்பீடு கேட்டு எழுதுவது

கேள்வி: தர்மபுரியிலிருந்து கோவைக்கு 12 பாட்டில் மாங்காய் ஊறுகாய் கூரியர்ல அனுப்பினேன், உடைஞ்சு போய்ச் சேர்ந்திருக்கு. "பார்சலைத் தூக்கி வீசுனீங்களா? எல்லாம் நாசம். எத்தனை தடவை போன் பண்றது? பணத்தைக் குடுங்க"ன்னு வாட்ஸ்அப்பில் போட்டேன். பதிலே இல்லை. முறைப்படி எப்படி எழுதணும்?

பதில்: கிருஷ்ணகிரியில் நானும் ஊறுகாய் அனுப்பும் தொழில்தான் செய்கிறேன். போன வருஷம் இதே மாதிரி கோபத்தில் எழுதிக் கொடுத்தேன். கிளையிலிருந்த தம்பி, "அண்ணா, இதை மேலே அனுப்பினா ரசீதுல இருக்கிற டாக்கெட் நம்பர் எங்கேன்னு கேட்டுத் திருப்பிடுவாங்க" என்றான். படிக்கிறவருக்கு நம் பார்சல் எதுவென்றே தெரியாவிட்டால் கோபத்தை வைத்து அவர் என்ன செய்வார்?

உங்கள் வரிகளை ஒவ்வொன்றாக மாற்றலாம். "தூக்கி வீசுனீங்களா" என்பது நம் ஊகம். அதை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்: அட்டைப்பெட்டியின் எந்த மூலை நசுங்கியிருந்தது, எண்ணெய் எங்கே ஊறியிருந்தது. "எல்லாம் நாசம்" என்பதற்கு எண்ணிக்கை வேண்டும். உடைந்தது 5, எண்ணெய் பட்டு லேபிள் கெட்டு விற்க முடியாதது 2 என்று பிரித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் மிச்சம் நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். "எத்தனை தடவை" என்பது தேதிகளாக மாற வேண்டும். பாட்டில் விலை 180 என்று வைத்துக்கொண்டால் கடிதம் இப்படி வரும்:

"பொருள்: சேதமடைந்த பார்சலுக்கு இழப்பீடு, டாக்கெட் எண் ____.

ஐயா, மே 6 அன்று தர்மபுரி கிளையில் பதிவு செய்த மேற்படி பார்சல் மே 8 அன்று கோவையில் ஒப்படைக்கப்பட்டது. பெட்டியின் அடிமூலை நசுங்கி, எண்ணெய் ஊறியிருந்தது. 12 பாட்டில்களில் 5 உடைந்தன, 2 விற்பனைக்கு உதவாது. மே 8, 10 தேதிகளில் தொலைபேசியில் தெரிவித்தேன். இழப்பு 7 × 180 = 1,260 ரூபாய், கூரியர் கட்டணம் 240 ரூபாய், ஆக 1,500 ரூபாயை 15 நாட்களுக்குள் வழங்கக் கோருகிறேன். ரசீது, பில், படங்கள் இணைத்துள்ளேன். பெட்டியை உங்கள் பார்வைக்காக வைத்திருக்கிறோம்."

கடைசி வரியை வெறுமனே எழுதிவிடாதீர்கள். பெட்டியையும் உள்ளே வைத்த தெர்மாகோலையும் குப்பையில் போட வேண்டாம் என்று கோவைக்காரரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். பேக்கிங் சரியில்லை என்றுதான் முதலில் மறுப்பார்கள். பார்சலை வாங்கும்போது அவர் "நல்ல நிலையில்" என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல், பிரித்த பிறகே தெரிந்தது என்று எழுதி, பிரித்த அன்றே எடுத்த படத்தைச் சேருங்கள்.

ரசீதின் பின்பக்கத்தில் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு அச்சிட்டிருப்பார்கள். இன்சூரன்ஸ் எடுக்கவில்லை என்றால் அதைக் காட்டித்தான் குறைப்பார்கள். ஆனாலும் முழு இழப்பையே கேளுங்கள், நாமே குறைத்துக் கேட்க வேண்டியதில்லை.

கடிதத்தை மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, பின்னால் வழக்குப் போட வேண்டுமானால், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். வீடு தேடிவரும் கூரியர்களும் அந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். நாள் எண்ணுவது பார்சல் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து அல்ல, ரசீதில் இருக்கும் தேதியிலிருந்து.