வித்தியாசம் 1,47,500: துணைப் பேரேடு கேள்வி பதில்

பொதுப் பேரேட்டின் டெப்டார்ஸ் கட்டுப்பாட்டுக் கணக்கில் 48,62,300. துணைப் பேரேட்டின் பார்ட்டிவாரிப் பட்டியலில் 47,14,800. 1,47,500க்கு ஒரு இன்வாய்ஸ் பொதுப் பேரேட்டில் ஏறவில்லை, கண்டுபிடித்துவிட்டேன். அதற்குள் மேனேஜர் அந்தத் தொகையை வாராக்கடனில் எழுதி மார்ச் 31 தேதியிட்டு ஜர்னல் போட்டுவிட்டார். யார் சரி சார்?

இரண்டு பேரும் இல்லை. தொகை பொருந்துகிறது, திசை பொருந்தவில்லை. இன்வாய்ஸ் பொதுப் பேரேட்டில் விட்டுப்போயிருந்தால் அங்கே குறைவாக இருக்க வேண்டும். உங்களுக்கு அங்கேதான் அதிகம். அப்படியென்றால் எதிர்த் திசையில் 2,95,000 வேறெங்கோ ஒளிந்திருக்கிறது. பட்டியலில் வரவு விழுந்து பொதுப் பேரேட்டில் விழாதவற்றைத் தேடிப் பாருங்கள்.

பேங்க் ரீகன்சிலியேஷன் எப்படிப் போடுவது?

அது வேறு கதை, இன்றைக்கு வேண்டாம்.

312 ரூபாய்தான் வித்தியாசம். சஸ்பென்ஸில் போட்டுவிடலாமா?

312 என்பது மிச்சம்தான். உள்ளே 5 லட்சம் கூடி 4,99,688 கழிந்திருக்கலாம். எதெதனால் வந்தது என்று பிரித்துப் பார்த்த பிறகு கேளுங்கள்.

சார், முதல் கேள்வி கேட்டவன்தான். கிடைத்துவிட்டது! 59,000க்கு ஒரு கிரெடிட் நோட் பட்டியலில் மட்டும் இருக்கிறது. ஒரு பார்ட்டி கொடுத்த அட்வான்ஸ் 2,36,000 பொதுப் பேரேட்டில் தனிக் கணக்கில் இருக்கிறது, பட்டியலில் அவர் பாக்கியிலேயே கழித்திருக்கிறார்கள்.

சபாஷ். இப்போது ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் திருத்துங்கள். கிரெடிட் நோட்டைப் பொதுப் பேரேட்டில் ஏற்றினால் 59,000 குறையும், இன்வாய்ஸை ஏற்றினால் 1,47,500 கூடும். 49,50,800 வரும். அட்வான்ஸுக்குப் பொதுப் பேரேட்டில் கை வைக்க வேண்டாம். பட்டியலில் அதைத் தனியே எடுங்கள், அங்கேயும் 49,50,800தான் வரும்.

மேனேஜரின் ஜர்னலை விட்டுவைத்தால் இரண்டு பக்கமும் 47,14,800 என்று அழகாகப் பொருந்தும். ஆனால் கடனாளிகள் 2,36,000 குறைவாக இருப்பார்கள், நடக்காத வாராக்கடன் 1,47,500 செலவில் நிற்கும். வரி போக 1,25,000 விற்பனையும் 50,000 விற்பனைத் திருப்பமும் கணக்கிலேயே வராது. அதனால் அந்த ஜர்னலை முதலில் ரத்து செய்யுங்கள்.

நான் ஆடிட் ஆர்டிக்கிள். இப்படிப்பட்ட ஜர்னலை ஆயிரக்கணக்கில் எப்படிப் பிடிப்பது? ரேண்டமாக 25 எடுத்தால் போதுமா?

போதாது. முதலில் உங்களிடம் உள்ள பட்டியல் முழுசுதானா என்று பாருங்கள். ஒவ்வொரு கணக்கிலும் தொடக்க இருப்போடு எல்லாப் பதிவுகளையும் கூட்டினால் இறுதி இருப்பு வர வேண்டும். வராவிட்டால் உங்களுக்குத் தராத பதிவு ஏதோ இருக்கிறது.

அப்புறம் கட்டுப்பாட்டுக் கணக்கை நேரடியாகத் தொட்ட கைப்பதிவுகளைப் பிரியுங்கள். பார்ட்டி பெயர் இல்லாதது, மாதம் முடிந்தபின் போட்டது, வழக்கமாக ஜர்னல் போடாதவர் போட்டது ஆகியவற்றை முதலில் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேளுங்கள். ‘வித்தியாசத்துக்கு’ என்பது ஆதாரம் ஆகாது. ஏப்ரல், மே பதிவுகளையும் கட்டாயம் பாருங்கள், மார்ச்சில் அடைத்ததைச் சத்தமில்லாமல் திருப்பியிருப்பார்கள். ஜர்னல் பதிவுகளைச் சோதிக்க வேண்டும் என்று தணிக்கைத் தரநிலை SA 240 சொல்வது இதற்காகத்தான்.

டேலியில் பார்ட்டி லெட்ஜர்கள் Sundry Debtors குரூப்புக்குள்ளேயே இருக்கின்றன. வித்தியாசமே வராது. நீங்கள் பழைய காலத்துக் கதை பேசுகிறீர்கள்.

பாதி சரி. குரூப்பின் கூட்டுத்தொகைதான் மொத்தம், அதனால் அங்கே வித்தியாசம் தெரியாது. ஆனால் பில் போடுவது வேறு சாஃப்ட்வேரில் என்றால் ஒப்பிட வேண்டியது அதனுடன். அந்தக் குரூப்புக்குள் ‘டெப்டார்ஸ் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று ஆள் இல்லாத லெட்ஜர் ஒன்று உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

SAP-இல் ரீகன்சிலியேஷன் அக்கவுண்டில் FB50 மூலம் நேரடியாகப் போடவே முடியாதே, அங்கே நிம்மதிதானே?

பூட்டு நல்லதுதான். போட முடியாதவர்கள் பக்கத்திலேயே ஓர் அட்ஜஸ்ட்மென்ட் கணக்கு திறந்து, பேலன்ஸ் ஷீட்டில் இரண்டையும் ஒரே வரியில் கூட்டிவிடுகிறார்கள். அந்தக் கணக்கைப் பாருங்கள்.

2023 ஏப்ரல் 1லிருந்து கம்பெனிகளுக்கு ஆடிட் டிரெயில் கட்டாயம். இனி இதெல்லாம் எதற்கு?

யார், எப்போது மாற்றினார் என்று அது சொல்லும். ஏன் என்று சொல்லாது.

சின்ன வித்தியாசத்தை சஸ்பென்ஸில் வைக்கலாமா?

மேலே பாருங்கள், ஐயா.

டேலிக்காரன்தான் மறுபடியும். எட்டு வருஷமாக எனக்கு ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

பில் சாஃப்ட்வேரின் மார்ச் 31 பாக்கிப் பட்டியலைக் கையில் எடுத்து ஒப்பிட்டீர்களா? ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள், பேசலாம்.