சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது, உப்புவெளியில் இருக்கிறா. வாசிக்கக் கண் தெரியாததால் நான் கொழும்பில் இருந்து புராணக் கதைகளை வாசித்து, போனில் பதிவு செய்து அனுப்புகிறேன். "சத்தம் நல்லாக் கேக்குது, ஆனா என்ன சொல்றாய் எண்டு விளங்கேல்ல" என்கிறா. சத்தத்தைக் கூட்டினால் காது குத்துதாம். காது மெஷின் இருக்கிறது, ஆனால் பாதி நாள் போட மாட்டா. திருகோணமலையில் ஒரு ஸ்டூடியோக்காரர் பாஸ் கூட்டி மாஸ்டரிங் செய்து தருவதாகச் சொல்கிறார். ஒரு மணி நேரப் பதிவுக்கு 6,000 ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். பாஸ் கூட்டினால் அம்மாவுக்கு இன்னும் குறைவாகத்தான் விளங்கும்.

வயதோடு வரும் காது மந்தம் பெரும்பாலும் மேல் சுருதிகளில்தான் தொடங்கும். அ, ஆ, ஓ போன்ற உயிரோசைகளின் பலம் கீழ்ச் சுருதியில் இருக்கிறது. அதனால்தான் "சத்தம் நல்லாக் கேக்குது". ஆனால் கல்லா, பல்லா என்று பிரித்துக் காட்டுவது முன்னால் நிற்கும் வல்லினம். அதன் ஓசை மெல்லியது, கணப்பொழுதில் முடிந்துவிடும். அதன் அடையாளம் பெரும்பாலும் மேல் சுருதிகளில்தான் இருக்கிறது. பாஸ் என்பது கீழ்ச் சுருதிதான், அதைக் கூட்டினால் அந்த மெல்லிய ஓசையை அது மூடிவிடும். ஸ்டூடியோக்காரர் காசு வாங்கிக்கொண்டு செய்யப்போவது அதைத்தான். கலியாண வீட்டுப் பாட்டுக்குப் பாஸ் நல்லது, அம்மாவுக்குக் கதை சொல்ல அது உதவாது. மொத்தச் சத்தத்தைக் கூட்டினாலும் பயனில்லை. மந்தமான காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தமோ சட்டென்று தாங்க முடியாததாகிவிடும். நடுவில் இருக்கும் இடம் குறுகியது.

முதலில் பதிவைச் சரி பண்ணுங்கள். போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வைத்து வாசியுங்கள். நேரே வைத்தால் 'ப' சொல்லும்போது காற்று மைக்கில் மோதும். மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும்தான், பத்து நிமிடம் பொறுங்கள். வெறும் சுவர் அறையில் எதிரொலி வந்து வல்லினத்தை விழுங்கிவிடும். மெத்தை, திரைச்சீலை உள்ள அறையில் உட்காருங்கள். பின்னணியில் வீணை, புல்லாங்குழல் எதுவும் வேண்டாம்.

அப்புறம் வேகம். மெதுவாக வாசியுங்கள் என்றால் எல்லாரும் சொல்லை இழுக்கிறார்கள். தமிழில் அது ஆபத்து. குறிலை நெடிலாக்கினால் 'கல்' 'கால்' ஆகிவிடும். சொல்லைச் சாதாரணமாகவே சொல்லி, இடைவெளியைக் கூட்டுங்கள். ஒரு கணக்குப் பாருங்கள். 450 சொற்கள் உள்ள கதைத் துண்டை மூன்றரை நிமிடத்தில் வாசிக்கிறீர்கள் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 129 சொல். அதை ஐந்து நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் 90 சொல். இதற்கு மேலதிகமாக 90 விநாடி வேண்டும். துண்டில் 45 வாக்கியம் இருந்தால் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு விநாடி கூடுதலாக நில்லுங்கள், 45 விநாடி ஆயிற்று. வாக்கியத்துக்குள் மூச்செடுக்கும் இடங்கள் 90 வரும். அங்கே அரை விநாடி நின்றால் மீதி 45 விநாடியும் கிடைத்துவிடும். ஒரு சொல்லைக்கூட இழுக்கவில்லை. 'பத்து', 'வெட்டு' போன்ற இரட்டிப்பை மட்டும் ஊன்றிச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பதிந்து வைத்தவற்றுக்கு Audacity என்ற இலவச மென்பொருள் போதும். அதில் Change Tempo என்ற இடத்தில் −10 சதவீதம் கொடுத்தால் குரலின் சுருதி மாறாமல் வேகம் குறையும். −15-ஐத் தாண்டினால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகத் தொடங்கும்.

பிறகு Filter Curve EQ-இல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை இறக்கிவிடுங்கள். 1,500-இல் இருந்து மெல்ல ஏற்றி, 2,000 முதல் 4,000 வரை 4 டெசிபல் உயர்த்தி, 6,000-இல் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இப்போதைக்கு இதற்கு மேல் ஏற்ற ஆசைப்படாதீர்கள், 'ச' விசிலடிக்கும். கடைசியில் Normalize-இல் −3 கொடுத்தால் ஏற்றியதால் சத்தம் உடையாமல் இருக்கும். Noise Reduction-ஐ அடக்கமாகப் பாவியுங்கள். 'ச'வின் ஓசையே இரைச்சல் மாதிரித்தான் இருக்கும், அந்தக் கருவி இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். 6 டெசிபலுக்கு மேல் போகாதீர்கள்.

மேலே சொன்ன 4 டெசிபல் அம்மா காது மெஷின் போடாத நேரத்துக்கு மட்டும். காது மெஷின் சரியாக அமைக்கப்பட்டிருந்தால் அதே மேல் சுருதிகளை அது ஏற்கெனவே ஏற்றித்தான் கொடுக்கும். நீங்களும் ஏற்றி அனுப்பினால் இரட்டிப்பாகும். 'ச' காதில் ஊசியாய்க் குத்தும். அம்மா மெஷினைக் கழற்றி அலுமாரியில் போட்டுவிடுவா, பழி மெஷினுக்கு. காது குத்துது என்கிறாவே, அப்போது மெஷின் போட்டிருந்தாவா என்று முதலில் கேளுங்கள். ஆகவே இரண்டு பிரதி செய்யுங்கள். ஒன்றில் இடைவெளியும் வேகமும் மட்டும், அது மெஷினோடு கேட்க. மற்றதில் சுருதியும் ஏற்றியது, அது மெஷின் இல்லாமல் கேட்க. கோப்பின் பெயரிலேயே 'மெஷினோடு', 'மெஷினில்லாமல்' என்று எழுதிவிட்டால் பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளை எதைப் போடுவதென்று கேட்கத் தேவையில்லை. மெஷின் போட்டுக்கொண்டு போனைக் காதோடு ஒட்டி வைத்தால் கீச்சென்று ஊளையிடலாம். போனை மேசையில் ஒரு முழத் தூரத்தில் வைத்து ஸ்பீக்கரில் கேட்கட்டும்.

மெஷின் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். வீடு வீடாக வந்து "காது மெஷின்" விற்பவர்களிடம் வாங்கியது என்றால் அது எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவாகக் கூட்டும் பெட்டியாக இருக்கலாம். ஒவ்வொரு சுருதியிலும் காது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, அந்தக் கோட்டுப்படம் பார்த்து அமைத்ததா என்று கேளுங்கள். அளக்காமல் விற்றவன் கண்ணைப் பார்க்காமல் கண்ணாடி விற்றவன். அளக்க வேண்டியவர்களும் லேசில் அளப்பதில்லை. என் பெரியம்மாவை ஒரு கிளினிக்குக்கு மூன்று தரம் கூட்டிப் போனேன். இரண்டு தரம் "இண்டைக்கு ஆள் இல்ல", மூன்றாம் தரம் "காகிதம் இல்ல". வயதானவர்களை பஸ்ஸில் ஏற்றி இறக்குவது எவ்வளவு பாடென்று மேசைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரிவதில்லை. எதற்கும் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பக்கத்து டாக்டரிடம் முதலில் காட்டுங்கள்.

செய்தது பலித்ததா என்று அம்மாவிடம் "விளங்குதா" என்று கேட்காதீர்கள். பிள்ளை கஷ்டப்பட்டு அனுப்பியது என்று ஓம் சொல்லிவிடுவா. கதையிலும் அடுத்து வருவதை ஊகித்துவிடுவா. தொடர்பில்லாத பத்துச் சொற்களை வாசித்துப் பதியுங்கள்: கல், பால், தட்டு, சாவி, கட்டு, பல், சட்டி, தாள், பட்டு, கால். முதலில் ஏற்றாத பிரதி, மறுநாள் அதே சொற்களை வரிசை மாற்றி ஏற்றிய பிரதி. இரண்டு நாளும் மெஷின் இல்லாமல், அதே போன், அதே சத்த அளவு. ஒவ்வொரு சொல்லையும் கேட்டு அம்மா திருப்பிச் சொல்லட்டும், பேரப்பிள்ளை புள்ளி போடட்டும். நாலு சரியாக இருந்தது ஏழு, எட்டு என்று ஏறினால் அந்த அளவையே வைத்துக்கொள்ளுங்கள். ஏறவில்லை என்றால் 4 டெசிபலை 6 ஆக்கி இன்னொரு தரம் பாருங்கள். அதிலும் ஏறாவிட்டால் மேல் சுருதிகளை அந்தக் காது கிட்டத்தட்ட இழந்துவிட்டிருக்கலாம். அங்கே சுருதியை ஏற்றி நேரத்தை வீணாக்காமல் இடைவெளியை மட்டும் கூட்டுங்கள்.